கைகுலுக்கிய பிறகு எழுதும் நாலு வரி

அன்புள்ள ஐயா,

அம்பத்தூரில் ஆர்ஓ பிளான்ட் பராமரிக்கும் சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் நடந்த கருத்தரங்குக்குப் போயிருந்தேன். அங்கே பேசிய மூத்த பொறியாளர் ஒருவரோடு சாப்பாட்டு வரிசையில் ஐந்து நிமிடம் பேசக் கிடைத்தது. மெம்பிரேன் கழுவுவது பற்றி ஏதோ சொன்னார், ரொம்பப் பயனுள்ளதாக இருந்தது. அன்றிரவே லிங்க்ட்இனில், "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி சார். உங்கள் அனுபவத்திலிருந்து நிறையக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று எழுதி அழைப்பு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார், அதோடு சரி. இரண்டு முறை "குட் மார்னிங் சார்" போட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. எப்படி எழுதியிருந்தால் அவர் பேசியிருப்பார்? ஆங்கிலத்தில் எழுத வேண்டுமா? 'சார்' பழைய பாணியா? பயோடேட்டா அனுப்பலாமா? நினைவூட்டினால் தொந்தரவாக நினைப்பாரா?

செ., கொரட்டூர்

அன்புள்ள செ.,

கிண்டியில் ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வந்த வாரத்தில் உங்கள் கடிதம் கிடைத்தது. என் பெட்டி முழுக்க நீங்கள் எழுதிய அதே இரண்டு வாக்கியங்கள்தான், வேறு வேறு பெயர்களில். எழுதியவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்ல. அரங்கில் அவர்கள் முகத்தைப் பார்த்தேன், ஆர்வமாகக் கேட்டார்கள். அந்த ஆர்வம் செய்திக்குள் வரும்போது எங்கே போய்விடுகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். வரிசையில் எந்த மொழியில் பேசினீர்களோ அதே மொழியில் எழுதுங்கள். சார் என்றே அழையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. பயோடேட்டா வேண்டாம். "குட் மார்னிங்" இனி ஒருபோதும் வேண்டாம். அது ஒரு மனிதரின் போனை எடுக்க வைத்து, கையில் ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிடுகிறது.

இப்போது உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் பேசினேன் என்கிறீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியம்கூட எனக்கு எழுதிய கடிதத்தில் இல்லை. கழுவுவது பற்றி என்ன சொன்னார்? எப்போது கழுவ வேண்டும் என்றாரா, எதைக்கொண்டு என்றாரா, எந்த வரிசையில் என்றாரா? உங்களுக்குச் சோறு போடும் வேலையே அதுதான். அவர் எவ்வளவு பயனுள்ளதைச் சொல்லியிருந்தாலும் கருத்தரங்கு வாசலைத் தாண்டும்போது அது "ஏதோ" ஆகிவிட்டது. அப்புறம் லிங்க்ட்இனில் உட்கார்ந்து நல்ல வாக்கியத்துக்குத் தவம் கிடந்து என்ன ஆகப்போகிறது? உங்கள் செய்தி மொய்க் கவரின் மேல் எழுதும் வாழ்த்து மாதிரி இருக்கிறது. யாரும் அதற்குப் பதில் எழுதுவதில்லை, வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவரும் வாங்கி வைத்துக்கொண்டார். "கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்பவருக்கு "நல்லது" என்பதைத் தவிர அவர் என்ன சொல்ல முடியும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் எனக்கு எழுதியதைச் சொல்கிறேன். கடல்நீரை ஆர்ஓவுக்கு அனுப்புமுன் வடிகட்டுவது பற்றிப் பேசியிருந்தேன். உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேனுக்குப் போகும் தண்ணீர் அதை எவ்வளவு அடைக்கும் என்று பார்க்க எஸ்டிஐ என்ற சோதனை உண்டு, உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 0.45 மைக்ரான் வடிதாள் வழியாக 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தண்ணீரை விட்டு, 500 மில்லி பிடிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்வோம். தண்ணீரை ஓட விட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி அதே அளவு பிடிப்போம். இரண்டாவது முறை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவுக்கு தாள் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வடகிழக்குப் பருவமழையில் கடல் கலங்கியிருக்கும்போது 15 நிமிடத்துக்கு முன்பே தாள் அடைத்துக்கொள்ளும் என்று பேச்சுக்கு நடுவே போகிற போக்கில் சொன்னேன். திரையில் அது இல்லை. அந்தப் பையன் அதைப் பிடித்துக்கொண்டான். அன்று மாலை வந்த செய்தி இதுதான்:

"சார், மழைக்காலத்தில் எஸ்டிஐ தாள் 15 நிமிடத்துக்கு முன்பே அடைக்கும் என்றீர்கள். எங்களுக்கும் அதே. அப்போது எதைப் பார்த்து டோஸ் மாற்றினீர்கள்? 5 நிமிட எஸ்டிஐயா, கலங்கலா?"

ஆட்டோவில் போய்க்கொண்டே பதில் போட்டேன். அவன் பெயர்கூட எனக்குச் சரியாக நினைவில்லை, முகமும் நினைவில்லை. நான் சொன்ன வாக்கியம் மட்டும் நினைவிருந்தது, அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. "எங்களுக்கும் அதே" என்ற இரண்டு சொல்லில் தானும் அந்தச் சேற்றுத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவன் என்று காட்டிவிட்டான். கேள்வியையும் இரண்டு விடைக்குள் சுருக்கி வைத்திருந்தான். "பருவமழைக் காலத்தில் பிளான்ட் நடத்துவது எப்படி?" என்று கேட்டிருந்தால், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல அரை நாள் வேண்டும் என்று தள்ளிவைத்து, அப்படியே மறந்திருப்பேன். இதற்கு ஒரு கட்டைவிரல் போதும். கலங்கலைப் பார்த்து, ஜாடிகளில் வெவ்வேறு அளவு கலந்து பார்க்கும் ஜார் டெஸ்ட் செய்து, அழுக்கைத் திரட்டும் ஃபெரிக் குளோரைடின் டோஸை மாற்றினோம் என்று எழுதினேன். கூடவே, 5 நிமிட எண்ணை 15 நிமிட எண்ணோடு ஒப்பிட்டுவிடாதே என்றும் சொன்னேன். அடைப்புச் சதவீதத்தை நிமிடத்தால் வகுப்பதுதான் கணக்கு. அதன்படி 15 நிமிட எஸ்டிஐ 6.67-ஐத் தாண்ட முடியாது, 5 நிமிட எஸ்டிஐ 20 வரை போகலாம். பார்க்க ஒரே மாதிரி எண்தான், ஆனால் அளவுகோல் வேறு.

இதுவரை நடந்தது வெறும் கேள்வி பதில். உரையாடல் இதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சில நாள் கழித்து அவனே மறுபடி எழுதினான். பிளான்ட் லாக் புக்கைப் புரட்டிப் பார்த்தானாம். நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் தாள் அடைத்த நாட்களில் 5 நிமிட எண்ணையும், மற்ற நாட்களில் 15 நிமிட எண்ணையும் ஒரே கட்டத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். எது எது என்று குறிப்பே இல்லை. மேலே இருப்பவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்து, திடீரென்று தண்ணீர் கெட்டுவிட்டது என்று டோஸைக் கூட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். நீல மை, ஓரத்தில் டீ கறை, நவம்பர் மாதத்து வரிசையில் 4, 4, 13, 12, மறுபடி 4. படத்தைப் பார்த்ததும் நானே அவனுக்குப் போன் செய்தேன். கேள்வி கேட்க வேண்டிய முறை இப்போது எனக்கு வந்திருந்தது.

செ., நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் மீது எனக்குத் தீராத வருத்தம் உண்டு. பதில் வாங்கிக்கொண்டு "நன்றி சார்" என்று கும்பிடுபோட்டுப் போய்விடுவார்கள். நான் சொன்னதைச் செய்து பார்த்தார்களா, பலித்ததா, மண்ணைக் கவ்வினார்களா, ஒன்றும் தெரியாது. அடுத்த முறை அவர்கள் கேட்கும்போது விரல் எழுவதில்லை. ஆகவே முதல் செய்தியை எழுதும்போதே இரண்டாவது செய்தியை யோசியுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்துத் திங்கட்கிழமை உங்கள் பிளான்ட்டில் ஏதாவது ஒன்றை மாற்றிச் செய்வீர்களா? அப்படியென்றால் அது கேட்க வேண்டிய கேள்வி, என்ன நடந்தது என்று சொல்ல உங்களுக்கு மறுபடி எழுதக் காரணமும் இருக்கும். எந்தப் பதில் வந்தாலும் உங்கள் வேலையில் ஒன்றும் மாறாது என்றால் அது அவர் கவனத்தை ஈர்க்கக் கேட்கும் கேள்வி. அனுபவம் உள்ளவர்கள் அதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

நீளம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், தமிழில் எழுதுகிறவர்கள் பலர் இதில் இடறுகிறார்கள். லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் அழைப்போடு அனுப்பும் குறிப்புக்கு 200 எழுத்துதான் இடம். மாதத்துக்குச் சில பேருக்கு மட்டுமே குறிப்போடு அனுப்பலாம், ஆகவே எல்லோருக்கும் வீணடிக்காதீர்கள். கணினிக்கு 'க' ஓர் எழுத்து, 'கி' இரண்டு, 'க்' இரண்டு. கண்ணுக்கு நூற்றிருபது போலத் தெரியும்போதே இடம் தீர்ந்துவிடும். அந்தப் பையனின் நாலு வாக்கியமும் இந்தக் கணக்கில் 200-க்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டுவதை அழைப்பு ஏற்கப்பட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம். போனில் கனெக்ட் பொத்தானைத் தொட்டால் சில சமயம் குறிப்பு கேட்காமலே அழைப்பு பறந்துவிடும். பதறிப்போய் அதைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் மறுபடி அனுப்ப முடியாது. அப்படியே விட்டுவிட்டு, அவர் ஏற்றதும் எழுதுவது மேல்.

உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், கதவு திறந்தே இருக்கிறது. நினைவூட்ட வேண்டாம், புதிதாக ஒன்றைக் கொண்டுபோங்கள். முதலில் உட்கார்ந்து யோசித்து அந்த ஐந்து நிமிடத்தை மீட்டெடுங்கள். கூட வந்தவர் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள். கழுவும் வரிசையைப் பற்றித்தான் சொன்னார் என்று வையுங்கள். எங்கும் பொதுவாகச் சொல்வது முதலில் காரம், பிறகு அமிலம். கால்சியம் கார்பனேட்டோ இரும்போ படிந்திருப்பது உறுதியாகத் தெரிந்தால்தான் அமிலம் முதலில். உங்கள் வாடிக்கையாளர் பிளான்ட் எதிலாவது பழக்கத்தால் எப்போதும் அமிலத்தில் தொடங்குகிறார்களா என்று பாருங்கள். கழுவிய தேதிகளையும், அதன்பின் அழுத்த வித்தியாசம் மறுபடி எத்தனை நாளில் ஏறியது என்பதையும் லாக் புக்கிலிருந்து எடுத்து எழுதுங்கள். அதன் பிறகு இப்படி ஆரம்பிக்கலாம்: "சார், நந்தம்பாக்கத்தில் சாப்பாட்டு வரிசையில் காரம்தான் முதலில் என்றீர்கள். எங்கள் பிளான்ட் ஒன்றில் அமிலத்தில் தொடங்குகிறார்கள், கழுவிய சில வாரத்திலேயே அழுத்தம் ஏறுகிறது. வரிசையை மாற்றிப் பார்க்கலாமா, அல்லது படிவு என்னவென்று முதலில் பார்க்க வேண்டுமா?" லாக் புக் வேறு கதை சொன்னால் செய்தியும் வேறாக இருக்கும். நான் எழுதியதை அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

அவர் சொன்னது எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லையென்றால், அதையும் மறைக்க வேண்டாம். சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, வரிசை பற்றி என்ன சொன்னீர்கள் என்று நேராகவே கேட்கலாம். உங்கள் பிளான்ட்டின் தேதிகள் கையில் இருந்தால் அதுவும் நல்ல கேள்விதான். அடுத்த கருத்தரங்கில் விசிட்டிங் கார்டை வாங்கியதும், ஆலந்தூரில் மெட்ரோ ஏறும் முன், அதன் பின்பக்கத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதிவிடுங்கள். திரையில் காட்டியது வேண்டாம், அது எப்படியும் கிடைக்கும். வாய்விட்டுச் சொன்னதையும், கேள்வி நேரத்தில் "அது தனிக் கதை" என்று தள்ளிவிட்டதையும் எழுதுங்கள். அந்தத் தனிக் கதையைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள்.

செய்தியை எழுதியதும் நேராக அவருக்கே அனுப்புங்கள். எனக்கு அனுப்பித் திருத்தம் கேட்க வேண்டாம். அவர் என்ன சொன்னார், வரிசையை மாற்றியபின் அழுத்தம் என்ன ஆயிற்று என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.