500 ரூபாயைப் பையிலேயே வையுங்கள்

"சார், எங்கள் குறும்படத்தில் கோட்டை அகழி ஓரம் ஓடுகிற காட்சியை டூப் வைத்து எடுத்தோம். நடிக்க வேண்டிய அண்ணன் கால் முறிந்து படுத்திருக்கிறார். டூப் முகத்துக்குப் பதிலாகத் தன் முகத்தை வைக்கச் சம்மதித்துவிட்டார். அவருடைய 40 வினாடி செல்போன் வீடியோ இருக்கிறது. எந்த பிரேமை எடுப்பது? கடைக்காரர் ஒரு பிரேமை 4K ஆக்க 500 ரூபாய் கேட்கிறார்."
– குடியாத்தம் வாசகர்

அந்த 500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். முகம் மாற்றும் இலவச செயலிகள் பலவற்றில் ஓடுவது `inswapper_128` என்ற AI மாடல். அது அண்ணன் முகத்தை 112 பிக்சல் சதுரமாகச் சுருக்கி, ஆளை அடையாளம் காட்டும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வீடியோவில் முகம் 200 பிக்சல் அகலம் இருந்தாலே தாராளம். கடைக்காரர் செய்வது பெரிதாக்குவதுகூட இல்லை, இல்லாத இமை முடியையும் பல்லையும் மென்பொருள் கற்பனையாக வரைகிறது. பாதி அண்ணன், பாதி யாரோ! இதற்கு ரசீதும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

நீங்கள் அனுப்பிய கிளிப் வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்திருக்கிறது. எடுத்த போனிலிருந்து ஒரிஜினலை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பியூட்டி மோடில் எடுத்திருந்தால் அந்த வீடியோவே வேண்டாம்.

கிளிப்பில் 6-வது வினாடியில் அண்ணன் உச்சி வெயிலில் நிற்கிறார். இருப்பதிலேயே கூர்மையான பிரேம் அதுதான், வெயிலில் ஷட்டர் வேகம் கூடிவிடும். ஆனால் வேலூர் வெயில் தலைக்கு நேர் மேலே அடித்துக் கண் குழி இரண்டும் கருத்துக் கிடக்கிறது. 18-வது வினாடியில் வேப்பமர நிழலுக்கு வந்து, வெளிச்சமான பக்கம் பார்த்து, பேசத் தொடங்குமுன் வாய் மூடி நிற்கிறார். அதைத்தான் எடுக்க வேண்டும். ஒரு விலக்கு உண்டு: இலை இடுக்கில் விழும் வெயில் புள்ளி கன்னத்திலோ மூக்கிலோ இருந்தால் அது நிழலே இல்லை. அந்தப் புள்ளி வெளுத்துப்போய் முக வடிவத்தையே மாற்றிக் காட்டும். மரத்தடி என்று நம்பி எடுத்துவிடாதீர்கள், ஓரடி தள்ளி நின்ற பிரேம் கிடைக்கிறதா பாருங்கள். கட்டட நிழலில் இந்தத் தொல்லை இல்லை.

ffmpeg என்ற இலவச மென்பொருளில் இந்தக் கட்டளையைக் கொடுத்து இரண்டு வினாடியைப் பிரித்தால் சுமார் 60 படம் வரும்:

```
ffmpeg -ss 00:00:18 -i anna.mp4 -t 2 k_%03d.png
```

ஒவ்வொன்றையும் முழு அளவில் திறந்து கருவிழியில் உள்ள வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் தலை அசையவில்லை, கோடாக இழுபட்டிருந்தால் தள்ளிவிடுங்கள். ஒருமுறை கண் சிமிட்டினாலே நாலைந்து பிரேம் போய்விடும், பாதி மூடிய இமை சட்டென்று தெரியாது. முகம் நேராக, இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிய வேண்டும்.

அப்புறம், மிஞ்சுவதில் நல்லதாக மூன்று பிரேமை எடுத்து, டூப்பின் ஒரே காட்சியில் தனித்தனியாகப் போட்டு, எது எதுவென்று சொல்லாமல் அம்மாவிடம் காட்டுங்கள். "இதுதான் நம்ம பையன்" என்று எதைச் சொல்கிறாரோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.