ஸ்லாப் எத்தனை இன்ச், பீம் எத்தனை இன்ச், பால்கனி எத்தனை அடி?

கேள்வி: தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டப்போகிறோம். ஹால் 12 அடிக்கு 18 அடி, அதை ஒட்டி டைனிங். நடுவில் சுவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஆனால் மாடியில் அதே இடத்துக்கு மேலே பெட்ரூம் சுவர் வருகிறது. "ஸ்லாப் 4 இன்ச், பீம் 9க்கு 12 போதும்" என்கிறார் கான்ட்ராக்டர். பிளான் போட்ட இன்ஜினியர் ஸ்லாப் 5 இன்ச், பீம் 9க்கு 21 என்கிறார். யார் சொல்வது சரி? அவ்வளவு செலவு தேவையா?

பதில்: உங்கள் இன்ஜினியர் சொல்வதுதான் சரி. பெரிய கணக்கு இல்லாமலேயே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஸ்லாப். நான்கு பக்கமும் சுவரோ பீமோ தாங்கும் அறை என்றால் குறுகிய பக்கத்தின் நீளத்தை இன்ச்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறைக்கும் ஸ்லாப் தொடர்ந்து போனால் 32-ஆலும், தனியாக நின்றால் 28-ஆலும் வகுங்கள். IS 456 என்ற இந்தியத் தர விதியில், 3.5 மீட்டர் வரையான குறுகிய பக்கத்துக்கும் வீட்டு அளவு பாரத்துக்கும் முறுக்குக் கம்பி போட்டுக் கட்டுகிற ஸ்லாப்புக்குக் கிடைக்கும் விகிதங்கள் இவை. உங்கள் ஹாலின் குறுகிய பக்கம் 12 அடி, அதாவது 144 இன்ச். 32-ஆல் வகுத்தால் நாலரை, 28-ஆல் வகுத்தால் ஐந்துக்குச் சற்று மேல். 12 அடி என்பது அந்த 3.5 மீட்டரைக் கொஞ்சம் தாண்டுவதால் நாலரையில் நிற்காமல் 5 இன்ச் என்று வைத்துக்கொள்வதே முறை. 10 அடி அறையாக இருந்திருந்தால் கான்ட்ராக்டரின் 4 இன்ச் கணக்குக்கு ஒத்துவந்திருக்கும்.

மெலிந்த ஸ்லாப் உடனே விழுந்துவிடாது, அதனால்தான் "எத்தனையோ வீட்டுக்குப் போட்டிருக்கேன்" என்று சொல்ல முடிகிறது. அது மெல்லத் தொய்யும். மொட்டைமாடியில் நடுவில் மழைநீர் தேங்கும், கீழே பூச்சில் கோடு விழும், டைல்ஸ் எழும்பும். 4-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் 1000 சதுர அடி தளத்துக்குச் சுமார் 83 கன அடி கான்கிரீட். உங்கள் ஊர் ரேட்டால் பெருக்கிப் பார்த்தால் கூடுதல் செலவு என்னவென்று தெரிந்துவிடும்.

அடுத்து பீம். அடிக்கு ஓர் இன்ச் என்று தளத்தில் சொல்வார்களே, அது பீம் நீளத்தை 12-ஆல் வகுப்பதுதான். இரண்டு முனையில் மட்டும் தூண் இருக்கிற பீமுக்கு இது பொருந்தும். மூன்று நான்கு தூண்களின் மேல் தொடர்ந்து போகும் பீம் என்றால் 15-ஆல் வகுக்கலாம். தலைக்கு மேல் சுவரைச் சுமக்கிற பீம் என்றால் 10-ஆல் வகுக்க வேண்டும். உங்களுடையது இந்தக் கடைசி வகை. 18 அடி என்றால் 216 இன்ச், பத்தால் வகுத்தால் 21-க்குச் சற்று மேல். இன்ஜினியர் எழுதிய 21 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

அந்தப் பெட்ரூம் சுவர் 9 இன்ச் செங்கல், 10 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அடிக்குச் சுமார் 420 கிலோ. 18 அடிக்கு ஏழரை டன். ஸ்லாப் பாரம் இதற்கு மேல் தனி. இதை 12 இன்ச் பீமில் ஏற்றினால் இரண்டு சிக்கல். ஒன்று, ஆழம் குறைந்ததால் கம்பி ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்படும். ஆனால் 9 இன்ச் அகலத்தில் 20 எம்எம் கம்பி மூன்றுதான் தாராளமாக உட்காரும். அதற்கு மேல் திணித்தால் ஜல்லி இடையில் இறங்காமல் பீமின் அடியில் தேன்கூடு போல ஓட்டை விழும். இரண்டாவது, தொய்வைத் தடுக்கிற விறைப்பு ஆழத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுகிறது. 21-ஐ 12 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பீம் தொய்ந்தால் மேலே இருக்கிற பெட்ரூம் சுவரில்தான் முதலில் சாய்வான விரிசல் தெரியும். சுவரைக் குறை சொல்லிப் பூசிக்கொண்டே இருப்பார்கள், அது திரும்பத் திரும்ப வரும்.

செலவைப் பாருங்கள். 9 இன்ச் கூடுதல் ஆழத்துக்கு இந்த பீமில் சுமார் 10 கன அடி கான்கிரீட்டும் கொஞ்சம் பக்கப் பலகையும் கூடும், பதிலுக்குக் கம்பி குறையும். குட்டை பீம் மலிவு என்பது பல நேரம் வெறும் தோற்றம்.

"21 இன்ச் தலையில் இடிக்குமே" என்ற பயம் வேண்டாம். பீம் ஆழம் என்பது ஸ்லாப்பின் மேல்மட்டத்திலிருந்து அளப்பது. அதில் 5 இன்ச் ஸ்லாப்புக்குள்ளேயே போய்விடும், கண்ணுக்குத் தெரிவது 16 இன்ச். தரையிலிருந்து ஸ்லாப்பின் அடி வரை 10 அடி இருந்தால் பீமுக்குக் கீழே 8 அடி 8 இன்ச் கிடைக்கும். இந்தக் குழப்பத்தில் சில தளங்களில் வேறுமாதிரித் தவறும் நடக்கிறது: "9க்கு 15" என்று வரைபடத்தில் இருப்பதைக் கீழே தொங்கும் அளவு என்று நினைத்து ஒருவர் 20 இன்ச் போடுவார், இன்னொருவர் லிண்டலோடு சேர்த்து எண்ணுவார். இன்ஜினியரிடம் கேட்டு "ஸ்லாப் உட்பட" என்று வரைபடத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: முதல் தளத்தில் ரோட்டுப் பக்கம் 5 அடி பால்கனி விட ஆசை. கீழே தூண் வேண்டாம். கைப்பிடிச் சுவரைச் செங்கல்லில் கட்டலாம் என்றிருக்கிறோம். "உள்ளே போடுற 5 இன்ச் ஸ்லாப்பையே அப்படியே வெளியே நீட்டிடலாம்" என்கிறார் மேஸ்திரி. பயமில்லையா?

பதில்: அப்படியே நீட்டக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள கான்டிலீவரில், அதே நீளத்துக்கும் அதே பாரத்துக்கும், இரண்டு பக்கமும் தாங்கப்பட்ட ஸ்லாப்பைவிட வளைவு விசை நான்கு மடங்கு. அதனால் வகுக்கும் எண்ணும் வேறு: நீட்டத்தை இன்ச்சில் எடுத்து 8 முதல் 10 வரையான எண்ணால் வகுக்க வேண்டும். 5 அடி என்றால் 60 இன்ச். கம்பிக் கைப்பிடி என்றால் 6 இன்ச்சுக்குக் குறையக் கூடாது, செங்கல் சுவர் என்றால் ஏழரை பக்கம் போக வேண்டும். இந்தத் தடிமன் சுவரை ஒட்டிய இடத்தில்தான் தேவை. நுனியில் 4 இன்ச்சாகச் சரித்துக்கொண்டு வரலாம், எடையும் குறையும்.

4 அடியோடு நிறுத்திக்கொள்ள மனம் வந்தால் பெரிய லாபம். சமமாகப் பரவிய பாரத்துக்கு, 4 அடியை 5 ஆக்கும்போது வளைவு விசை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. அதே தடிமனில் நுனியின் இறக்கமோ கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. ஸ்லாப்பாகவே நீட்டுவதற்கு 4 அடியைச் சௌகரியமான எல்லை என்றும் 5 அடியை முடிவான எல்லை என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் தூண்களிலிருந்து கான்டிலீவர் பீம்களை வெளியே விட்டு, அவற்றின் மேல் ஸ்லாப் போடுவது முறை. அந்த பீமுக்கு நீட்டத்தை 5 அல்லது 6-ஆல் வகுங்கள்: 6 அடிக்கு 12 முதல் 15 இன்ச்.

செங்கல் கைப்பிடிச் சுவரை மறுபடி யோசியுங்கள். உங்கள் பால்கனியில் ஓர் அடி அகலப் பட்டையை மட்டும் எடுத்து எடை போடுவோம். சராசரி 6 இன்ச் கனத்துக்கு ஸ்லாப் சுமார் 177 கிலோ, டைல்ஸும் அதன் கலவையும் 50 கிலோ, ஆட்களுக்கு விதி சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 300 கிலோ வீதம் 140 கிலோ. இவை மூன்றும் பரவி நிற்பதால் நடுவில், அதாவது இரண்டரை அடியில், இருப்பதாகக் கணக்கு. நாலரை இன்ச் கனம், 3 அடி உயரக் கைப்பிடிச் சுவர் பூச்சோடு 75 கிலோதான். ஆனால் அது நுனியில் நிற்கிறது. மொத்த எடையில் அது சுமார் ஆறில் ஒரு பங்குதான், சுவரை ஒட்டிய இடத்தில் விழும் வளைவு விசையிலோ கால் பங்குக்கு மேல் அதனுடையது. ஸ்டீல் அல்லது இரும்புக் கைப்பிடி வைத்தால் அதில் பெரும்பகுதி மிச்சம்.

இனி கம்பி. கான்டிலீவரில் இழுவிசை மேல்பக்கத்தில் வருகிறது, ஆகவே முக்கியக் கம்பி மேலேதான் இருக்க வேண்டும். அது சுவரோடு நின்றுவிடாமல் அறைக்குள் நீட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு போக வேண்டும்: 5 அடிக்கு உள்ளே ஏழரை அடி. பால்கனிக்குப் பின்னால் மாடிப்படியோ திறந்த வெளியோ இருந்தால் கம்பியைப் பிடித்துக்கொள்ள ஸ்லாப் கிடையாது, பாரம் முழுக்க பீமை முறுக்கும். அந்த இடத்தில் பால்கனி வைக்காமல் பிளானை மாற்றுவது நல்லது. மழைநீர் உள்ளே வராமலிருக்கப் பால்கனியை 2, 3 இன்ச் தாழ்த்துவீர்கள். அப்போது மேல்கம்பி நேராக ஓடாது. பீமுக்குள் அதை எப்படி மடிக்க வேண்டும் என்று இன்ஜினியரிடம் தனி வரைபடம் கேளுங்கள்.

கான்கிரீட் போடும் நாளில்தான் பெரும்பாலும் கெடுகிறது. சட்டி தூக்குகிறவர்கள் மேல்கம்பி மீதே நடப்பார்கள், கம்பி இறங்கிவிடும். 7 இன்ச் ஸ்லாப்பில் அது 2 இன்ச் இறங்கினால் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கம்பியால் செய்த சேர்களை மூன்றடிக்கு ஒன்றாக வைத்து, நடக்கத் தனியாகப் பலகை போடச் சொல்லுங்கள். கான்கிரீட் கொட்டும் முன், மேல்கம்பியிலிருந்து சென்ட்ரிங் பலகை வரை டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டுகளை நுனியிலிருந்து சுவர் நோக்கிப் பிரிக்க வேண்டும். சுவர்ப் பக்கத்து முட்டை முதலில் எடுத்தால் ஸ்லாப் நுனியிலும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கும், அப்போது அடிப்பக்கம் இழுபடும், அங்கே கம்பி இருக்காது. குறைந்தது 14 நாள் விடுங்கள், 21 நாள் என்றால் நிம்மதி.

ஏற்கெனவே கட்டிய பால்கனியைச் சோதிக்க வேண்டுமா? அடிப்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. மேலே, கதவு நிலையை ஒட்டிச் சுவருக்கு இணையாக டைல்ஸ் இடுக்கு நீளமாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மேல் கூட்டம் சேர்க்காமல், செடித் தொட்டிகளை எடுத்துவிட்டு, அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள்.

கேள்வி: சதுர அடி ரேட்டில் ஒப்பந்தம் போடுகிறோம். இந்த அளவுகளை எங்கே எழுதுவது?

பதில்: "பீம், ஸ்லாப் தேவைக்கேற்ப" என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அதற்குப் பதில் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தின் எண்ணையும் தேதியையும் போட்டு, "இதன்படி" என்று எழுதுங்கள். மேலே சொன்ன வகுத்தல்கள் பிளான் பேசும் கட்டத்துக்கு மட்டும். கம்பி எத்தனை, என்ன விட்டம் என்பதை இன்ஜினியரின் கணக்குத்தான் முடிவு செய்யும். கடற்கரை ஊர் என்றால் கம்பிக்கு வெளியே 45 எம்எம் கவர், M30 தரக் கான்கிரீட் என்று IS 456 கேட்கிறது. அதற்குத் தக்கபடி தடிமனும் அரை இன்ச், ஓர் இன்ச் ஏறும் என்பதால் ரேட் பேசும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.