அடைப்புக்குறிக்குள் நிற்கும் பன்னிரண்டு வசனங்கள்

கேள்வி: விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையைப் புதிய வேதாகமங்களில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்களே, ஏன்? வேதத்தைக் கழிக்கிற வேலையா இது?

கழிக்கும் வேலை அல்ல. யோவான் 7:53 முதல் 8:11 வரையுள்ள பன்னிரண்டு வசனங்கள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை என்பதை வாசகருக்கு மறைக்காமல் சொல்வதற்கே அந்தக் குறி இடப்படுகிறது. வழமையாக 200ஆம் ஆண்டளவுக்குரியதென்று கணிக்கப்படும் பாப்பிரசு 66 என்னும் யோவான் நற்செய்திப் படியிலும், 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் சுவடிகளிலும், 7:52க்கு அடுத்ததாக "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்னும் 8:12 நேராகத் தொடர்கிறது. இப்பகுதியைக் கொண்ட கிரேக்கச் சுவடிகளில் மிகப் பழையது 5ஆம் நூற்றாண்டின் பேசா சுவடி.

இல்லாமையைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தது, இக்கதை இடம் மாறி நிற்பதுதான். சில சுவடிகளில் அது யோவானின் கடைசியில் இருக்கிறது; வேறு சிலவற்றிலோ லூக்கா 21:38க்குப் பின்னால் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் ரீஜியஸ் சுவடியை எழுதியவர் கதையை எழுதாமல், 7:52க்குப் பின் வெற்றிடம் விட்டுச் சென்றிருக்கிறார்; இங்கே ஒரு கதை உண்டென்று அவர் அறிந்திருந்தார் என்பதற்கு அந்த வெறுமையே சாட்சி.

கிளிநொச்சியில் எங்கள் சபையினர் இடப்பெயர்வில் பாட்டுப் புத்தகங்களை இழந்துவிட்டு, ஊர் திரும்பிய பின் நினைவிலிருந்தும் பிறரிடம் எஞ்சிய கொப்பிகளிலிருந்தும் பாடல்களை மீண்டும் எழுதினார்கள். எல்லோரும் மனப்பாடமாக அறிந்திருந்த ஒரு பாமாலை, என் அம்மம்மாவின் கொப்பியில் தவக்காலப் பாடல்களோடும், பெரியம்மாவின் கொப்பியில் கடைசித் தாளிலும் இருந்தது. பாட்டு உண்மையானதுதான், அதற்கு நிலையான இடம்தான் இருக்கவில்லை. இக்கதையும் அப்படி வாய்வழியாக வழங்கி, பின்னர் யோவானுக்குள் வந்திருக்க வேண்டுமென்றே பெரும்பாலான ஆய்வாளர் கருதுகின்றனர். நடையும் அதற்கு ஒத்துவருகிறது: "வேதபாரகரும் பரிசேயரும்" என்னும் சேர்க்கை யோவானில் வேறெங்கும் இல்லை, ஒலிவமலையும் அந்த நற்செய்தியில் இங்கு மட்டுமே வருகிறது.

மனைவியருக்குப் பாவம் செய்யத் துணிவு வந்துவிடுமென்று அஞ்சிய சிலர் இதை நீக்கினார்கள் என்பது பழங்காலத் திருச்சபை ஆயரான அகுஸ்தீனுடைய விளக்கம். ஆனால் அப்படி அஞ்சியவர்கள், அவரவர் வீட்டுக்குப் போனதையும் இயேசு ஒலிவமலைக்குப் போனதையும் மட்டும் சொல்லும் 7:53, 8:1 ஆகிய வசனங்களையும் ஏன் நீக்க வேண்டும்? எனக்கு அவ்விளக்கம் போதவில்லை.

இந்தக் குறி, யோவான் இதை எழுதினாரா என்பதைப் பற்றியதே தவிர, சம்பவம் நடந்ததா என்பதைப் பற்றியது அல்ல. பல பாவங்களுக்காக ஆண்டவர் முன் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் கதையை 2ஆம் நூற்றாண்டிலேயே ஆயர் பப்பியா எடுத்துரைத்ததாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதியிருக்கிறார். அது இதே கதையாக இருக்கலாம். எங்கள் வேதப்படிப்பில் இப்பகுதியை இன்றும் வாசிக்கிறோம், அடிக்குறிப்பையும் சேர்த்தே.