சாட்டில் "சரி, எடுத்துக்கிறேன்" என்று சொல்பவர்கள், பேமெண்ட் லிங்க் அனுப்பியதும் காணாமல் போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?

லிங்க் போய்ச் சேரும்போது வாங்குபவர் மனதில் ஒரு சின்னக் கேள்வி மிச்சமிருந்தாலும் பணம் கட்டுவது தள்ளிப்போகும். டெலிவரிக்குத் தனியாகக் கேட்பார்களா, நான் சொன்ன நிறம்தானா, எப்போது வரும், இந்த லிங்க்கை நம்பலாமா? பெரும்பாலும் அதை உங்களிடம் கேட்கவும் மாட்டார். அப்புறம் பார்க்கலாம் என்று போனை வைத்துவிடுவார். அதனால் லிங்க்குக்கு முன்னால் போகும் மெசேஜைத்தான் முதலில் சரிசெய்யச் சொல்வேன்.

ஒருவர் இரண்டு தோள்பை கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரியை லிங்க்குக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அது தெரிந்தால்தான் டெலிவரி கட்டணத்தைச் சேர்த்து முழுத் தொகையைச் சொல்ல முடியும். பணம் கட்டும் பக்கத்தில் திடீரென்று தொகை கூடியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுவார்கள். முகவரி வந்ததும் இப்படி ஒரு மெசேஜ்:

"ஆர்டர் 1047. பழுப்புத் தோள்பை 1, கறுப்புத் தோள்பை (பெரியது) 1. டெலிவரியோடு மொத்தம் இவ்வளவு. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். எல்லாம் சரியா?"

அவர் இதைப் படிக்கும் நேரத்திலேயே லிங்க்கைத் தயார் செய்துவிடுங்கள். "சரி" என்று வந்த அதே நிமிடத்தில் அது போக வேண்டும். அரை மணி நேரம் கழித்து அனுப்பினால் அவர் வேறு வேலையில் இருப்பார்.

லிங்க் உருவாக்கும்போது தொகையை நீங்களே நிரப்பிப் பூட்டிவிடுங்கள். தொகையை அவரே டைப் செய்யும் பொதுவான லிங்க்கில் ஓர் எண் மாறினால் போதும், சிக்கல்தான். ஒரே விலைப் பொருளை நாலு பேர் வாங்கினால் எந்தப் பணம் யாருடையது என்பதும் தெரியாது. அதனால் குறிப்பு எண் கேட்கும் இடத்தில் ஆர்டர் எண்ணைப் போடுங்கள். காலாவதி நேரம் வைக்க வசதி இருந்தால், பொருளை உண்மையிலேயே எவ்வளவு நேரம் எடுத்து வைப்பீர்களோ அதையே வையுங்கள்.

அனுப்பும்போது, "திறந்ததும் எங்கள் கடைப் பெயரும் ஆர்டர் 1047-ம் தெரியும். இரவு 9 மணி வரை பைகளை உங்களுக்காக எடுத்து வைத்திருப்பேன்" என்று எழுதி, கடைசி வரியில் லிங்க்கைத் தனியாக வையுங்கள். நீங்கள் சொன்ன பெயரே அந்தப் பக்கத்திலும் இருந்தால் பயம் போய்விடும். அதற்குப் பிறகு எதுவும் அனுப்பாதீர்கள். புதிய டிசைன் படங்களை அனுப்பினால் லிங்க் மேலே போய் மறைந்துவிடும்.

பதில் இல்லையென்றால், நேரம் முடிவதற்கு முன்னால் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். "பணம் கட்டிவிட்டீர்களா?" என்று கேட்காமல் "லிங்க் திறந்ததா?" என்று கேளுங்கள். முதல் கேள்வி கடன் வசூல் மாதிரி இருக்கும், இரண்டாவது உதவி. பல நேரம் உண்மையான காரணமும் அதில்தான் வெளிவரும். சில சாட் ஆப்கள் லிங்க்கைத் தங்களுக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரில் திறக்கும். அங்கிருந்து வங்கி ஆப்புக்குப் போய்த் திரும்பும்போது பக்கம் வெள்ளையாக நின்றுவிடலாம். லிங்க்கை காப்பி செய்து வழக்கமான பிரவுசரில் திறக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாட்ஸ்அப்பை ஏபிஐ வழியாகப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: வாடிக்கையாளரின் கடைசி மெசேஜிலிருந்து 24 மணி நேரம்தான் நீங்கள் விரும்பியபடி எழுதலாம். அதற்குப் பிறகு, வாட்ஸ்அப்பிடம் முன்பே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் மெசேஜ் மட்டும்தான் போகும்.

அடுத்தது பணம் வந்த பிறகு. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஆர்டரை உறுதி செய்யாதீர்கள். அதைப் போலியாகச் செய்வது சுலபம். உங்கள் பேமெண்ட் கணக்கில் அந்த ஆர்டர் எண்ணுக்கு எதிரே "செலுத்தப்பட்டது" என்று வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் பார்த்து முடிக்கும் வரை அவரைக் காக்க வைக்கவும் வேண்டாம். "பார்த்துச் சொல்கிறேன்" என்று உடனே ஒரு வரி போடுங்கள்.

அவர் கணக்கில் பணம் கழிந்து, உங்கள் பக்கம் "நிலுவை" என்று நின்றால்தான் உண்மையான பதற்றம். "மறுபடி கட்ட வேண்டாம். முடிவு தெரியும் வரை பைகள் உங்களுக்காக இருக்கும். பணம் வந்தால் உடனே சொல்கிறேன், தோல்வி என்று காட்டினால் புது லிங்க் தருகிறேன்" என்று தெளிவாக எழுதுங்கள். புது லிங்க் கொடுக்கும் முன் பழையதை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் இரண்டிலும் பணம் விழுந்து, ஒன்றைத் திருப்பித் தரும் வேலை உங்களுக்கு வரும்.

உறுதி மெசேஜ் தானாகப் போகும்படி அமைத்தால், "நன்றி" பக்கம் திறந்ததை வைத்து அனுப்ப வேண்டாம். பணம் கட்டியதும் பலர் பக்கத்தை மூடிவிடுவார்கள். பணம் வந்ததும் பேமெண்ட் நிறுவனம் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹுக் என்ற அறிவிப்பை நம்புங்கள். ஒரே அறிவிப்பு இரண்டு முறையும் வரலாம், அதனால் 1047-க்கு ஏற்கெனவே மெசேஜ் போய்விட்டதா என்று பார்த்துவிட்டு அனுப்பும்படி புரோகிராமை எழுதச் சொல்லுங்கள்.