பாடம் நடத்த ஒரு ஹெட்செட்

அன்புள்ள ஐயா,

இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தினமும் ஐந்து மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. விலை உயர்ந்த புளூடூத் இயர்பட்ஸ் வாங்கினேன். பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆனால் வகுப்பில் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாக மாணவர்கள் சொல்கிறார்கள். கடைசி வகுப்பில் சார்ஜும் தீர்ந்துவிடுகிறது. நான் கண்ணாடி அணிபவள். எதை வாங்கலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் இயர்பட்ஸில் பழுது எதுவும் இருக்காது. வழக்கமான புளூடூத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. பாட்டுக் கேட்கும்போது ஒலி ஒரு திசையில் மட்டும், நல்ல தரத்தில் வருகிறது. மைக் திறந்த கணமே அது தொலைபேசி முறைக்கு மாறிவிடுகிறது. அந்த முறையின் பழைய வடிவத்தில் குரல் நொடிக்கு 8,000 முறைதான் அளக்கப்படுகிறது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி மாணவரைச் சென்றடைவதே இல்லை. ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற உரசொலிகளை வேறுபடுத்திக் காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. நீங்கள் சொன்னது ‘ஸிக்ஸ்’ஸா ‘ஃபிக்ஸ்’ஸா என்று மாணவர் ஊகிக்க வேண்டியதுதான். கணக்கு ஆசிரியர் இதைச் சமாளித்துவிடுவார். உச்சரிப்பு கற்பிக்கும் உங்களால் முடியாது. புதிய கருவிகள் 16,000 முறை அளக்கின்றன. அது எவ்வளவோ தேவலாம், ஆனால் கணினியும் ஹெட்செட்டும் இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

அடுத்தது தூரம். இயர்பட்ஸின் மைக் காதோரம் இருக்கிறது, வாயருகே அல்ல. அங்கிருந்து குரலைப் பிடிக்க அது மின்விசிறி, தெருச் சத்தம் எல்லாவற்றையும் வடிகட்டப் பார்க்கிறது. அந்த வேகத்தில் சொல்லின் கடைசி எழுத்தையும் சில நேரம் விழுங்கிவிடுகிறது. எனவே வாய்வரை நீளும் தண்டு மைக் உள்ள, கணினியில் செருகும் யு.எஸ்.பி. டாங்கிளோடு வரும் ஹெட்செட்டைத் தேடுங்கள். டாங்கிள் சொந்த ரேடியோ இணைப்பில் பேசுவதா, புளூடூத்திலேயே பேசுவதா என்று விவரக்குறிப்பில் பாருங்கள். முதல் வகையில் மேலே சொன்ன தொலைபேசி முறைத் தொல்லை இல்லை. மைக்கை உதட்டுக்கு நேரே வைக்காமல், வாயின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் தள்ளி வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ சொல்லும்போதெல்லாம் காற்று மைக்கில் மோதி வெடிக்கும்.

புதிது வாங்கும்வரை ஒரு வழி சொல்கிறேன். வகுப்புச் செயலியின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கராக இயர்பட்ஸையும், மைக்காக மடிக்கணினியின் மைக்கையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் Hands-Free என்று தெரிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். அதுதான் தொலைபேசி முறை. அறை அமைதியாக இருந்தால் மாணவர்களுக்கு மாற்றம் உடனே தெரியும்.

பேட்டரியில் ஏமாறுவது எளிது. பெட்டியில் பெரிதாக அச்சிடும் மணி நேரம் பெரும்பாலும் பாட்டுக் கேட்பதற்கானது. உங்களுக்கு வேண்டியது பேசும் நேரம். ஒரு ஹெட்செட்டின் பேசும் நேரம் 15 மணி என்று வைத்துக்கொள்வோம். சில நூறு முறை சார்ஜ் செய்த பிறகு லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 80 சதவீதத்துக்கு இறங்குவது இயல்பு. அப்போது மிஞ்சுவது 12 மணி. தினமும் ஐந்து மணி என்றால் இரண்டு நாள் தாங்கும். இயர்பட்ஸின் பேசும் நேரம் ஐந்து மணி என்றால், அதே கணக்கில் நான்காகிவிடும். கடைசி வகுப்பு போய்விடும். இன்னொன்றையும் கடையில் கேளுங்கள்: சார்ஜ் ஏறும்போதே பேச முடியுமா? சில கருவிகள் கம்பியைச் செருகினால் அணைந்துவிடும்.

காதைப் பற்றி: மெத்தை காதின் மேல் அழுந்தாமல் காதைச் சுற்றி அமரட்டும். கண்ணாடி அணிபவருக்கு வலி தருவது எடையைவிட இறுக்கம்தான். கண்ணாடிக் காலைக் காதின் மேல் அது அழுத்தும். கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் தெரியாது, கண்ணாடியோடு முக்கால் மணி நேரம் அணிந்தால்தான் தெரியும். திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். செயற்கைத் தோல் வியர்க்கும், துணி மெத்தை அவ்வளவாக வியர்க்காது. மெத்தையைத் தனியாக மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள், முதலில் கிழிவது அதுதான்.

இரு காதும் மூடியிருந்தால் சொந்தக் குரல் சரியாகக் கேட்காமல் நாம் அறியாமலே உரக்கப் பேசுவோம். மாலையில் தொண்டை கட்டும். உங்கள் குரலைச் சிறிது உங்களுக்கே கேட்கவைக்கும் ‘சைடுடோன்’ வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு காது மட்டும் மூடும் ஹெட்செட் போதும். பாடம் நடத்த ஸ்டீரியோ எதற்கு?

வாங்கிய அன்றே ‘ஸிக்ஸ், ஃபிக்ஸ், திக், ஸிக்’ என்று சோதனை அழைப்பில் சொல்லிப் பதிவுசெய்து, எதிரே எழுத்து இல்லாமல் ஒரு மாணவரை எழுதச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.