சந்தா இல்லாத கடையில் வாடிக்கையாளர் எப்போது ‘போய்விட்டார்’?

காபிப்பொடி ஆன்லைனில் விற்கிறோம். 30 நாள் ஆர்டர் வராவிட்டால் சர்ன், அதாவது வாடிக்கையாளர் போய்விட்டார், என்று வைத்திருக்கிறோம். சரியா சார்?

மாதக் கணக்கு உங்கள் வசதிக்கு. பொடி தீர்வது அந்தந்த வீட்டைப் பொறுத்தது. ஒருவர் ஜனவரி 5, பிப்ரவரி 9, மார்ச் 12 என்று வாங்குகிறார் என்று வையுங்கள். இடைவெளி 35, 31 நாள். நல்ல வாடிக்கையாளரை உங்கள் கணக்கு இரண்டு முறை தொலைத்திருக்கும்.

எக்செலில் A-யில் வாடிக்கையாளர் எண், B-யில் தேதி போட்டு, இரண்டின்படியும் வரிசைப்படுத்துங்கள். ரத்தான ஆர்டர்களை நீக்கி, ஒரே நாளில் வந்தவற்றை ஒன்றாக்குங்கள். பிறகு முதல் சூத்திரத்தை C2-இல் போட்டு, கடைசி ஆர்டர் உள்ள வரிசை வரை மட்டும் கீழே இழுங்கள். இரண்டாவதை வேறொரு கட்டத்தில்:

```
=IF(A2=A3,B3-B2,"")
=PERCENTILE(C2:C5000,0.9)
```

திரும்பி வந்த ஆர்டர்களில் 90% எத்தனை நாளுக்குள் வந்தன என்பது கிடைக்கும். கெடுவை அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

எனக்குச் சராசரி 41 நாள் வந்தது. அதையே வைத்தால் என்ன?

இடைவெளியைப் பார்த்தது சரி. ஆனால் 41 நாளைத் தாண்டியும் பலர் இயல்பாகவே வருவார்கள். இன்னொன்று, வாரம் வாங்குபவர் வருடத்தில் 50 இடைவெளி தருவார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குபவர் மூன்றோ நான்கோதான். அடிக்கடி வருபவர்களே எண்ணைக் கீழே இழுத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு இடைவெளி மட்டும் குலுக்கலில் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

கடைக்கு 8 மாதம்தான் ஆகிறது. 90% கணக்கு 52 நாள் காட்டுகிறது. நம்பலாமா?

அப்படியே நம்பாதீர்கள். போன மாதம் வாங்கியவருக்கு 75 நாள் இடைவெளி இருக்கவே முடியாது. நீண்ட இடைவெளிகள் இன்னும் முடியாமல் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. முதல் 3 மாத ஆர்டர்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் 150 நாள் பின்தொடருங்கள். அதில் 90% கணக்கு 75 நாள் என்று வந்தால், 75 நாள் வராமலிருந்த 100 பேரில் அடுத்த 75 நாளில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணுங்கள். 30 பேர் என்றால் கெடு போதாது. 8 பேர் என்றால் நான் ஏற்பேன். கோடு எங்கே என்பதற்குப் பொது விதி கிடையாது. போகாதவரைப் போனவர் என்று நினைத்து, திரும்ப அழைக்கக் கூப்பன் அனுப்பினால் ஆகும் செலவைப் பொறுத்தது.

எங்களுடையது பட்டுப்புடவை. தீபாவளிக்கு வாங்கியவர் 200 நாளாக வரவில்லை. கூப்பன் அனுப்பலாமா?

அவர் போகவே இல்லையம்மா, அடுத்த தீபாவளி இன்னும் வரவில்லை. 365 நாள் கெடுவும் தவறும்: 2022 தீபாவளி அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, இடையே 384 நாள். பண்டிகைக்குப் பண்டிகை ஒப்பிடுங்கள்: போன தீபாவளிக்கு வாங்கியவர்களில் இந்தத் தீபாவளிக்கு எத்தனை பேர்?

ஒரே ஒரு முறை வாங்கியவர்கள்?

அவர்களுக்கு இடைவெளியே இல்லாததால் மேலே சொன்ன கணக்கில் வரவே மாட்டார்கள். இரண்டாவது ஆர்டர் எத்தனை நாளில் வருகிறது என்று தனியாகப் பாருங்கள். இரு கூட்டத்துக்கும் ஒரே கெடு வைக்கலாமா என்பதில் எனக்கே இன்னும் முடிவில்லை.