'சரி அண்ணே' என்றால் போதுமா?

கேள்வி: சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சின்ன மளிகைக் கடை நடத்துகிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இப்போது வாரத்தில் ஐந்து நாள் காலை 9 முதல் மாலை 6, ஒரு நாள் அரைநாள். அடுத்த மாதம் முதல் வாரம் நான்கே நாள், காலை 9 முதல் இரவு 9 என்று மாற்றப் போகிறேன். சம்பளம் அதேதான். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஐந்து பேர் 'சரி அண்ணே' என்றார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. இதற்கு மேல் கடிதம், கையெழுத்து எல்லாம் வேண்டுமா?

பதில்: வேண்டும். கையெழுத்துக்கு முன்னால் இன்னொன்றும் வேண்டும். அதைத்தான் பல முதலாளிகள் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மணி நேர உணவு இடைவேளையைக் கழித்தால் உங்கள் புதிய நாள் 11 மணி நேர வேலை. நான்கு நாளுக்கு 44. வாரக் கணக்கு சரியாக இருப்பதால் பிரச்சினை இல்லை என்று தோன்றும். ஆனால் வேலை நியமனச் சட்டத்தின் 38-வது பிரிவு நாள் கணக்கையும் பார்க்கிறது. பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம். வாரத்தில் ஐந்து நாளோ அதற்குக் குறைவாகவோ வேலை என்றால் 9 வரை போகலாம். 11 அதைத் தாண்டுகிறது. அதற்கு வழி விடுவது ஷிப்ட் வேலைக்கான 40-வது பிரிவு: தொடர்ந்து மூன்று வாரங்களின் சராசரி வாரத்துக்கு 44 மணி நேரத்துக்குள் இருந்தால், நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். (இந்த வேலைநேர விதிகள் கடை ஊழியர்களில் அடிப்படைச் சம்பளம் மாதம் 2,600 வெள்ளி வரை வாங்குபவர்களுக்கு.)

அந்த வழிக்கு நிபந்தனை, ஊழியரின் எழுத்துபூர்வ சம்மதம். அது செல்ல வேண்டுமானால் இரண்டு பிரிவுகளும் என்ன சொல்கின்றன என்று அவருக்கு முதலில் விளக்கியிருக்க வேண்டும். வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடியும், வாரத்தில் எத்தனை நாள் வேலை, ஓய்வு நாள் எது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். 'சரி அண்ணே' எழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் எதை விளக்கிய பிறகு வந்த 'சரி' என்று அது காட்டாது. பதில் போடாதவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

அதனால் ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். நான் ஒரு உணவகத்தில் ஊழியர் நிர்வாகம் பார்த்த காலத்தில், எல்லோருக்கும் ஆங்கிலத்தில் அடித்த தாளை நீட்டி வரிசையாகக் கையெழுத்து வாங்கினோம். ஒரு அக்கா மட்டும் பேனாவைத் திறந்தபடியே நின்று, "இதில் என் லீவு நாள் எங்கே இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார். தாளில் அது இல்லவே இல்லை. அன்று வாங்கிய கையெழுத்துகளை ஒதுக்கிவிட்டு, தமிழில் எழுதி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

கடிதம் ஒரு பக்கம் போதும்:

"தற்போதைய வேலை நேரம்: … புதிய நேரம்: காலை 9 – இரவு 9, இடைவேளை மதியம் 2 – 3. வாரத்துக்கு 4 நாள். ஓய்வு நாள்: … தொடங்கும் தேதி: … அடிப்படைச் சம்பளத்தில் மாற்றம் இல்லை. 38, 40-வது பிரிவுகள் எனக்குத் தமிழில் விளக்கப்பட்டன. இந்த மாற்றத்துக்குச் சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை."

இடைவேளையை 2 மணிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. இடைவெளி இல்லாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 3 முதல் 9 வரை சரியாக ஆறு. 'சம்மதிக்கவில்லை' என்ற வார்த்தையையும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள், வீட்டில் கேட்டுவிட்டு வரட்டும். இரவு 9 மணிக்கு முடியும் வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு வேறு வாழ்க்கை. கையெழுத்தானதும் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து, வேலைக்குச் சேர்ந்தபோது தந்த முக்கிய வேலை நியமன விதிமுறைகளிலும் நேரத்தைத் திருத்துங்கள்.

அப்புறம் மிகைநேரம். யாராவது லீவு போட்டு, ஒருவர் மூன்று வாரத்தில் 5, 4, 4 நாள் வந்தால் 143 மணி நேரம் ஆகிவிடும். அளவு 132. மீதி 11 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அதே மூன்று வாரம் 5, 3, 4 என்று போனால் கணக்கு நேராகிவிடும். மாற்றம் தொடங்கும் வாரத்திலிருந்தே ஒரு நோட்டில் மணிக்கணக்கை எழுதுங்கள்.

பதில் போடாதவர் கடைசியில் மறுத்தால் அவருக்குப் பழைய நேரமே தொடரும். முன்பு போட்ட ஒப்பந்தத்தில் 'நிர்வாகம் நேரத்தை மாற்றலாம்' என்று ஒரு வரி இருந்தாலும், 40-வது பிரிவு கேட்கும் சம்மதத்துக்கு அது ஈடாகாது. ஐந்து பேரைப் புதிய நேரத்திலும், அவரைக் காலை 9 முதல் 6 வரையிலும் வைத்து ஒரு அட்டவணை போட்டுப் பாருங்கள். கல்லாவுக்கும் சரக்கு இறக்கவும் பகலில் ஒரு ஆள் கூடுதலாகவே கிடைப்பார்.